மாலைத் தூக்கத்தை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு ஏழு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. பாப்பா காலை 6 மணிக்கு எழுவாள். எட்டேகாலிலிருந்து ஒன்பது வரை ஒரு தூக்கம், 12 மணியிலிருந்து ஒன்றரை வரை இன்னொரு தூக்கம். மூன்றாவது தூக்கத்துக்குத்தான் போராட்டம். நாலரைக்குத் தூளியில் போட்டால் அழுது திமிறி, ஐந்தரைக்குக் கண் மூடி, ஆறேகாலுக்கு எழுந்துவிடுகிறாள். ராத்திரி 10 மணிக்கு முன்னால் தூங்குவதே இல்லை. கணவர் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வரும் வாரங்களில் இன்னும் தாமதம். 2 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் சிரித்து விளையாடுகிறாள். இரண்டு வாரமாக இப்படித்தான். "விளக்கு வைக்கிற நேரத்துல பிள்ளைய தூங்க வைக்காதே" என்கிறார் மாமியார். மாலைத் தூக்கத்தை நிறுத்திவிடலாமா? குழந்தைக்குத் தூக்கம் குறைந்துவிடாதா?

— ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: நிறுத்தலாம். நீங்கள் எழுதியிருக்கும் நேரங்களே அதற்கான காரணத்தைச் சொல்கின்றன.

முதலில் கணக்கைப் பாருங்கள். பகலில் 3 மணி நேரம் தூங்குகிறாள். இரவு 10 முதல் 6 வரை 8 மணி நேரம். நடுவில் விளையாடும் ஒரு மணி நேரத்தைக் கழித்தால் 7. மொத்தம் 10. நாலு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் வரையறுத்தது. ஆகவே மாலைத் தூக்கத்தை விட்டால் தூக்கம் குறையும் என்று பயப்பட வேண்டாம். இப்போதே அது குறைவாகத்தான் இருக்கிறது. இரவிலிருந்து அதைப் பறிப்பது மாலையின் அந்த முக்கால் மணி நேரம்தான்.

அது எப்படி என்று சொல்கிறேன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் உடலில் தூக்கத்துக்கான அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது, தூங்கினால் கரைகிறது. பிறந்த குழந்தைக்கு ஒரு மணி நேரத்திலேயே சேர்ந்துவிடும். மூளை வளர வளர அது மெதுவாகச் சேரும். ஏழு மாதத்தில் இரண்டரை, மூன்று மணி நேரம் தாங்குவார்கள். நாலைந்து மாதத்தில் மாலைத் தூக்கம் இரவு வரை குழந்தையைக் கொண்டுசேர்க்கத் தேவைப்பட்டது. இப்போது அதே தூக்கம், இரவுக்கென்று சேர்ந்த அழுத்தத்தை ஆறு மணிக்கே கரைத்துவிடுகிறது. அதனால் பத்து மணி வரை தூக்கம் வருவதில்லை. வந்தாலும், இரண்டு மணிக்குள் கொஞ்சம் தூங்கியதிலேயே தெளிந்து, விளையாட எழுந்துகொள்கிறாள். பசியிலோ வலியிலோ எழும் குழந்தை அழும். தூக்கம் போதுமென்று எழும் குழந்தைதான் உங்கள் மகளைப் போலச் சிரிக்கும்.

குழந்தை தயாராகிவிட்டதை வயதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலான குழந்தைகள் ஆறரை முதல் எட்டு மாதத்துக்குள் இரண்டு தூக்கத்துக்கு மாறுவார்கள்; சிலர் ஒன்பது மாதம் வரை எடுப்பார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் மூன்றாவது தூக்கத்துக்கு முரண்டு பிடிப்பது, அது ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பது. தூங்கிவிட்டால் அன்றைய இரவு தள்ளிப்போவதோ, நடு இரவில் விழிப்பதோ. மூன்றாவதுதான் முக்கியம்: மூன்று மணி நேரம் விழித்திருந்தும் முகம் தெளிவாக இருப்பது. உங்கள் மகள் 9 முதல் 12 வரை மூன்று மணி நேரம் விழித்திருக்கிறாள். ஒன்றரை முதல் ஐந்தரை வரை நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் கண்ணைக் கசக்காமல், காதை இழுக்காமல், எடுத்ததற்கெல்லாம் அழாமல் இருக்கிறாளா என்று மட்டும் இரண்டு நாள் கவனியுங்கள். இருந்தால் அவள் தயார்.

ஏமாற்றும் அறிகுறிகளும் உண்டு. பகல் தூக்கங்கள் எல்லாமே அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டால் அந்தக் குழந்தை தயாராகவில்லை. மூன்றாவதை நிறுத்தினால் சாயங்காலம் அதிகக் களைப்பில் வீறிடும். சளி, பல் முளைப்பது, தடுப்பூசி போட்ட நாட்கள், ஊருக்குப் போய் வந்த வாரம் இவற்றில் வரும் முரண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். தவழப் பழகும் நாட்களில் தூளியிலேயே எழுந்து உட்காரப் பார்ப்பாள். அதற்குத் தூக்கம் வேண்டாம் என்று பொருளல்ல. (இந்த வயதில் புரண்டு எம்பும் குழந்தை தூளியிலிருந்து விழக்கூடும். தரையில் பாயோ கெட்டியான மெத்தையோ விரித்துப் பழக்குங்கள்.)

இனி செய்ய வேண்டியது. மாலைத் தூக்கத்தை ஒரே நாளில் வெட்டுவதைவிட, முதல் இரண்டையும் தள்ளி நீட்டுவதுதான் வழி. எட்டேகால் தூக்கத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் தள்ளுங்கள். பத்து நாளில் 9 மணிக்கு வந்துவிடும். களைப்பு சரியாகச் சேர்ந்திருப்பதால் முக்கால் மணி நேரத் தூக்கம் பத்தேகால் வரை நீளும். அதற்குப் பின் மூன்றேகால் மணி நேரம் விழித்திருந்து, ஒன்றரைக்கு இரண்டாவது தூக்கம். நெய்வேலி வெயில் உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் திரை போட்டு அறையை இருட்டாக்கினால் மூன்றேகால் வரை தூங்குவாள். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரைக்கு வையுங்கள், பசியில் எழமாட்டாள். இரவு 7 மணிக்குப் படுக்கை. பகல் 3, இரவு 11, மொத்தம் 14 மணி நேரம். நடுவில் ஓரிரு முறை பாலுக்கு எழுவது இந்த வயதில் இயல்பு.

சில நாள் மதியத் தூக்கம் இரண்டரைக்கே முடிந்துவிடும். அன்று மூன்றாவது தூக்கத்தைக் கொடுக்கலாம், ஆனால் 20 நிமிடம்தான், ஐந்து மணிக்குள் எழுப்பிவிட வேண்டும். இல்லையென்றால் இரவுப் படுக்கையை ஆறரைக்கே கொண்டுவாருங்கள். சீக்கிரம் படுத்தால் விடியற்காலையே எழுவாள் என்ற பயம் வேண்டாம். அதிகக் களைப்பில் தாமதமாகப் படுக்கும் குழந்தைதான் பெரும்பாலும் ஐந்து மணிக்கு எழும்.

உங்கள் மாமியார் சொன்னது இந்த வயதுக்கு மிகச் சரி. மூன்று மாதக் குழந்தைக்கு அதைச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருப்பேன். சாயங்காலம் பைக்கில் வட்டத்தைச் சுற்றிக் காட்டும் பழக்கம் இருந்தால் ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மடியில் பத்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் இரவுத் தூக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகலாம். ஆறரைக்கு மேல் பெரிய விளக்கையும் டிவி சீரியலையும் அந்த அறைப் பக்கம் வராமல் வையுங்கள்.

ஷிப்ட் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாரந்தோறும் மாறும் நேரத்துக்கு வளர்ந்த உடலே திணறும். குழந்தையின் உடல் கடிகாரம் இப்போதுதான் நிலைபெற்றுவருகிறது. அதை அப்பாவின் ஷிப்டோடு சுழற்றக் கூடாது. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அவர் காலை முழுக்க மகளோடு இருக்கலாம்: முதல் தூக்கம் முடிந்த பத்தேகாலிலிருந்து அவர் கிளம்பும்வரை குளிப்பாட்டுவது, கேழ்வரகுக் கூழ் ஊட்டுவது அவர் பொறுப்பாகட்டும். முதல் ஷிப்ட் வாரத்தில் மூன்றேகாலிலிருந்து ஏழு வரை அவருடையது. நைட் ஷிப்ட் முடித்து வந்து அவர் தூங்கும் முற்பகலில் மகளும் 9 மணிக்குத் தூங்குவதால் வீடு தானாகவே அமைதியாக இருக்கும். இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு வரும்போது மட்டும் விளக்கைப் போட்டு அவளைத் தூக்க வேண்டாமென்று அவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் மாலையில் ஓயாத அழுகையும் இரவில் அடிக்கடி விழிப்பும் தொடர்ந்தால் மூன்று தூக்கத்துக்கே திரும்பி, இன்னும் இரண்டு மூன்று வாரம் கழித்து முயலுங்கள். முகம் வெளிறியிருப்பது, எடை கூடாதது, தூக்கத்தில் குறட்டையோ மூச்சுத் திணறலோ இருப்பது இவற்றில் ஏதேனும் தென்பட்டால் நேரத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். வெளிறியிருந்தால் இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது குறைந்தாலும் இரவில் குழந்தை அமைதியின்றிப் புரளும்.