ஆள் சேர்த்துவிடுபவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

"புதிய வாடிக்கையாளரை அழைத்து வருபவருக்கு அன்பளிப்பு உண்டு" என்று அறிவிக்க நினைக்கும் சிறு வியாபாரிகள் பலரும், தொகையை மனம்போன போக்கில் முடிவு செய்துவிடுகிறார்கள். விளம்பரத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க என்ன செலவாகிறது என்பதை முதலில் கணக்கிட்டு, அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. அதை ஒரு தையல் கடையை வைத்துப் பார்ப்போம்.

கடைக்காரச் சகோதரி மூன்று மாதத்தில் பிட் நோட்டீசுக்கும் செல்போன் விளம்பரத்துக்கும் 6,000 ரூபாய் செலவிட்டார். விசாரித்தவர்கள் 22 பேர். துணி கொடுத்தவர்கள் 12 பேர். அதில் 4 பேர் ஏற்கெனவே அவரிடம் தைத்தவர்கள். ஆகவே விளம்பரம் தந்த புதியவர்கள் 8 பேர்தான். 6,000ஐ 8ஆல் வகுத்தால், தலைக்கு 750 ரூபாய். 22ஆல் வகுத்துவிட்டு "273தான் ஆகிறது" என்று மகிழ்ந்தால் கணக்கு அங்கேயே தவறிவிடும்.

அப்படியானால் 600 ரூபாய் கொடுத்தாலும் 150 மிச்சம்தானே என்று தோன்றும். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். நோட்டீஸ் இல்லாவிட்டால் அந்த 8 பேர் வந்திருக்க மாட்டார்கள் என்று ஓரளவு நம்பலாம். ஆனால் தெரிந்தவர் சொல்லி வருபவர்கள், அன்பளிப்பு அறிவிக்கும் முன்பே வந்துகொண்டிருந்தார்கள். பழைய நோட்டைப் புரட்டியபோது, மூன்று மாதத்துக்கு 4 பேர் அப்படி வந்திருந்தது தெரிந்தது. அறிவித்த பிறகு 10 பேர் வந்தார்கள். கூடுதலாக வந்தவர் 6 பேர். ஆனால் அன்பளிப்போ 10 பேருக்கும் கொடுத்தாக வேண்டும்.

தலைக்கு 600 கொடுத்தால் மொத்தம் 6,000. அதை 6ஆல் வகுத்தால் 1,000. விளம்பரத்தைவிட அதிகம்! 450 கொடுத்தால் 4,500. வகுத்தால் சரியாக 750. எனவே அவருக்கு 450தான் உச்சவரம்பு.

இன்னொரு வரம்பு லாபம். ஒரு வாடிக்கையாளர் வருடத்துக்குச் சுமார் நான்கு முறை தைக்கிறார்; நூல், லைனிங், கூலி போக முறைக்கு 200 நிற்கிறது. ஆக வருடத்துக்கு 800. விளம்பரச் செலவே இதை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது என்பதால், அதைவிட ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுப்பதில் பயனில்லை. அவர் 300 என்று வைத்தார்: அழைத்து வந்தவருக்கு 150, வந்தவருக்கு முதல் பில்லில் 150 தள்ளுபடி. கூடுதலாக வந்த ஒருவருக்கு 500 ஆகிறது. வருட லாபத்தில் 300 மிஞ்சுகிறது.

துணி கொடுத்தவுடன் அன்பளிப்பைத் தர வேண்டாம். தைத்ததை வாங்கிப் பணம் கட்டிய பிறகு தரலாம். ஒரே வீட்டார் மாறி மாறிப் "புதியவர்" ஆவதும் உண்டு. அன்பளிப்புக் கூப்பன்கள் கூடியும், கடையின் மொத்தப் புதிய வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடவில்லை என்றால் அதுதான் நடக்கிறது. செல்போன் எண்ணையும் முகவரியையும் பழைய நோட்டோடு ஒத்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.