அம்மாவின் அட்டிகைக்கு எந்த விலை? வாரிசு நகைகளை மதிப்பிடும் முறை

 

தாயோ தந்தையோ மறைந்த வீட்டில் நிலத்தைப் பங்கு பிரிப்பதைவிட நகையைப் பிரிப்பதில்தான் மனக்கசப்பு அதிகம் வருகிறது. நிலத்துக்குப் பத்திரமும் அளவும் உண்டு. நகைக்கோ கடைக்கு ஒரு விலை, ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள். பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு மதிப்பைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை ஒரு கணக்கின் மூலம் பார்ப்போம்.

கீழ்பென்னாத்தூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அம்மா மறைந்துவிட்டார், அத்தா முன்பே மறைந்துவிட்டார். ஒரு மகன், இரண்டு மகள்கள். கடனும் வஸிய்யத்தும் கழிந்தபின் மீதியை நான்கு பாகமாக்கி மகனுக்கு இரண்டு, மகள்களுக்கு ஆளுக்கு ஒன்று. வேறு உறவினர் உயிரோடிருந்தால் பங்கு மாறும் என்பதால் அதை முதலில் ஓர் ஆலிமிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நகைகள் என்று பார்த்தால் ஒரு கல் அட்டிகை, மற்றும் வளையல், சங்கிலி. மூத்த மகள் அட்டிகையை அம்மாவின் நினைவாக வைத்துக்கொள்ள விரும்புகிறார். அவர் பங்குக்கு மேல் வருவதை உடன்பிறந்தோருக்குப் பணமாகத் தர வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அட்டிகையின் மொத்த எடை 40 கிராம். அதில் கற்களும் உள்ளே நிரப்பிய அரக்கும் 8 கிராம். ஆகவே தங்கத்தின் நிகர எடை 32 கிராம், அதாவது 4 பவுன். சோதித்ததில் தரம் 833, அதாவது 20 காரட் என்று வந்தது. பழைய கை வேலை நகையில் இது வியப்பல்ல. பற்றவைக்கச் சேர்த்த உலோகம் தரத்தைக் குறைத்திருக்கும். அந்தக் காலத்தில் பத்தர் செய்த கலவையும் 916-க்குக் கீழே இருந்திருக்கலாம். கணக்கு எளிதாக இருக்க, 916 தங்கம் கிராம் ₹10,000 என்று கொள்வோம். அன்றைய உண்மை விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது, மறுகொள்முதல் மதிப்பு. இதே போன்ற அட்டிகையை இன்று கடையில் புதிதாக வாங்க ஆகும் செலவு இது. 32 கிராம் 916 தங்கத்துக்கு ₹3,20,000. சேதாரமும் செய்கூலியும் சேர்ந்து 18 சதவீதம் என்றால் ₹57,600. கற்களுக்கு ₹10,000. இவற்றின் மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. கூட்டினால் ஏறக்குறைய ₹4,00,000. திருட்டுக்கு எதிராகக் காப்பீடு எடுப்பவருக்கும், தொலைந்ததற்கு ஈடு கேட்பவருக்கும் தேவைப்படும் மதிப்பு இதுதான்.

இரண்டாவது, மறுவிற்பனை மதிப்பு. இன்று அதை விற்றால் கையில் வரும் பணம் இது. சேதாரம், செய்கூலி, வரி எதுவும் திரும்பி வராது. சாதாரணச் சிவப்பு, வெள்ளைக் கற்களுக்கும் விலை இல்லை. 833 தரத்துக்குக் கிராம் ₹9,094 வீதம் 32 கிராமுக்கு ₹2,91,000. வாங்குபவர் உருக்குக் கழிவு 2 சதவீதம் பிடித்தால் ₹2,85,000. ஒரே அட்டிகைக்கு ₹1,15,000 வித்தியாசம்!

இப்போது பங்குக்கு வருவோம். மற்ற நகைகள் விற்பனை மதிப்பில் ₹5,15,000. அட்டிகையையும் விற்பனை மதிப்பிலேயே சேர்த்தால் மொத்தம் ₹8,00,000. மூத்த மகளின் பங்கு ₹2,00,000. அவர் திருப்பித் தர வேண்டியது ₹85,000. ஆனால் அட்டிகைக்கு மட்டும் கடைக்காரர் சொன்ன ₹4,00,000-த்தைப் போட்டால் மொத்தம் ₹9,15,000 ஆகிறது. அவர் பங்கு ₹2,28,750. தர வேண்டியது ₹1,71,250. தன் தாயின் நகையை வைத்துக்கொள்ள விரும்பியதற்காக ஒரு மகள் ₹86,250 கூடுதலாக இழக்கிறார். இதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. இரண்டு வகை மதிப்பைக் கலந்ததுதான்.

ஆகவே விதி இது: எல்லா நகைகளுக்கும் ஒரே வகை மதிப்பு, ஒரே நாளின் விலை. வாரிசுகளில் யாராவது பணமாகப் பெறுவதாக இருந்தால் மறுவிற்பனை மதிப்பே நியாயம். ஏனெனில் விற்றிருந்தால் அந்தப் பணம்தான் கிடைத்திருக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. நல்ல வைரமோ, உண்மையான மாணிக்கமோ பதித்த நகை என்றால் உருக்கு விலையில் கணக்கிடக் கூடாது. கல்லைத் தனியாகச் சோதித்து, அதன் விற்பனை விலையையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, யாரிடம் மதிப்பிடுவது? முதல் தகுதி, அவர் அந்த நகையை வாங்கப்போகிறவராக இருக்கக் கூடாது. வாங்குபவரே விலை சொன்னால், தரத்தைக் குறைத்தும் கல் கழிவைக் கூட்டியும் சொல்ல அவருக்குக் காரணம் இருக்கிறது. வங்கியில் அடகு வைத்தபோது மதிப்பீட்டாளர் தந்த சீட்டும் இதற்குப் போதாது. அது கடன் தொகையை முடிவு செய்யப் போட்ட கணக்கு. கற்களுக்கு அதில் மதிப்பே இல்லை.

தரத்தை அறிய, இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) அங்கீகரித்த ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் தங்கள் நகையைக் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி குறி இருந்தால் `BIS Care` செயலியில் `Verify HUID` பகுதியில் அதன் தரத்தைப் பார்க்கலாம். இந்த முறை 2021-இல்தான் வந்தது; அம்மாவின் காலத்து நகையில் இருக்காது. எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிக்கும். முலாம் பூசிய நகையும் பற்று அதிகமுள்ள நகையும் அதை ஏமாற்றிவிடும். ஆகவே பல இடங்களில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால், சிறு துகள் எடுத்து நெருப்பில் சோதிக்கும் முறையே உறுதியானது.

எழுத்துப்பூர்வ அறிக்கை தேவைப்பட்டால், வருமான வரித்துறையில் நகைகளுக்கெனப் பதிவு செய்த மதிப்பீட்டாளரை அணுகுங்கள். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டுப் பெறுங்கள். நிலம், கட்டடம் மதிப்பிடப் பதிவு செய்தவர் நகைக்கு ஆகமாட்டார்.

அறிக்கையில் ஒவ்வொரு நகைக்கும் மொத்த எடை, கல் மற்றும் அரக்குக் கழிவு, நிகர எடை, தரம், அதைக் கண்ட முறை, எந்த நாளின் விலை என்பவை தனித்தனியே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது மறுகொள்முதல் மதிப்பா, மறுவிற்பனை மதிப்பா என்று எழுதியிருக்க வேண்டும். "மதிப்பு ₹4,00,000" என்று மட்டும் இருந்தால் அந்தத் தாளை வைத்துப் பங்கு பிரிக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. எடை போடும்போது வாரிசுகள் எல்லோரும், அல்லது அவர்கள் நம்பும் ஒருவர், அருகில் இருக்கட்டும். தராசில் வைத்தபடியே ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து வையுங்கள். எல்லோரும் கணக்கில் கையொப்பம் இடும்வரை எந்த நகையையும் உருக்கக் கொடுக்காதீர்கள். உருகிய பின் 8 கிராம் கல் இருந்ததா, 5 கிராம்தான் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. கருகமணிக்கும் இது பொருந்தும். மணிகளின் எடையைக் கழித்துத்தான் தங்கத்தைக் கணக்கிட வேண்டும்.