காதுகுத்து வீடியோ அத்தை வீட்டு டிவியில் தெளிவாகத் தெரிய

தங்கச்சி, குட்டிப் பாப்பா காதுகுத்து வீடியோவை அத்தைக்கு அனுப்பணும்னு கேட்டியே, அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு.

முதல்ல வீடியோவோட சைஸைப் பாரு. கேலரியில் அதைத் திறந்து விவரத்தைத் தட்டினா தெரியும். உன்னோடது 14 நிமிஷம், 1.6 ஜிபி. இந்த எண்ணை ஒரு தாள்ல எழுதி வை, கடைசியில் தேவைப்படும்.

வாட்ஸ்அப்ல கேலரியிலிருந்து வீடியோவா அனுப்பினா, அது சுருக்கித்தான் போகும். HD-ன்னு தேர்ந்தெடுத்தாலும் கொஞ்சம் சுருங்கும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது. டிவியில் போட்டா பாப்பா முகமும் மாமா கையில் இருக்கும் தோடும் கலங்கிப்போய்த் தெரியும். அதனால் பேப்பர்கிளிப் குறியைத் தட்டி, Document வழியா அந்தக் கோப்பைத் தேர்ந்தெடு. அப்போ சுருக்காம அப்படியே போகும். ஒரு கோப்புக்கு 2 ஜிபி வரைக்கும் இடம் உண்டு, அதனால் உனக்கு இதுவே போதும். உன் இணையத்தின் அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ்னா இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் வைஃபையை விட்டு நகராதே, போனை சார்ஜ்ல போட்டுக்கோ.

மாமா எடுத்த வீடியோ 2 ஜிபியைத் தாண்டியிருந்தா கூகுள் டிரைவ் நல்லது. இலவச இடம் 15 ஜிபி, ஆனா ஜிமெயிலும் போட்டோஸும் அதே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கும், அதனால் மிச்சம் எவ்வளவுன்னு பாரு. ஏற்றி முடிஞ்சதும் அத்தையோட மெயிலுக்கு மட்டும் பகிரு. Anyone with the link போட்டா, லிங்க் கிடைக்கிற யார் வேணும்னாலும் பார்க்கலாம். வீட்டுக் குழந்தை வீடியோவுக்கு அது வேண்டாம்.

இங்கேதான் பலபேர் தடுமாறுவாங்க. லிங்கைத் தட்டினதும் அங்கேயே ஓடும் படம், பார்க்கிறதுக்காக டிரைவ் தனியா தயாரிக்கிற பிரதி. ஏற்றின உடனே பார்த்தா மங்கலாக்கூட இருக்கும். "என்னடி, இதுவும் கலங்கிக் கிடக்கு"ன்னு அத்தை கேப்பாங்க. Download தட்டி இறக்கச் சொல்லு, அசல் அதில்தான் வரும். இறக்குறதுக்கு முன்னாடி அவங்க போன்ல அந்த அளவு இடம் இருக்கான்னும் கேட்டுக்கோ.

ஒழுங்காப் போச்சான்னு தெரிஞ்சுக்க, இறங்கின கோப்பின் சைஸைப் பார்த்துச் சொல்லச் சொல்லு. தாள்ல எழுதின எண்ணோட ஒத்துப்போனா சரி. 1.6 ஜிபி அங்கே 100 எம்பியா நின்னா, எங்கேயோ சுருங்கியிருக்கு. 1080பி-ன்னு காட்டுறதை மட்டும் நம்பாதே, சுருங்கின பிறகும் அந்த எண் அப்படியே இருக்கலாம்.

அத்தை டிவியில் போட்டுப் பார்த்துட்டேன்னு சொன்ன பிறகு டிரைவ்ல இருப்பதை அழி. அங்கே குப்பைத்தொட்டியையும் காலி பண்ணு, இல்லன்னா 30 நாள் வரைக்கும் அது உன் இடத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்.