திறந்த கணிப்பொறியின் படத்தில் எது எது?



பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றை இரும்புக் கடைக்குப் போடும் முன் அதிலிருந்து எதைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களை யாரேனும் கேட்டால் என்ன சொல்வீர்கள்? திருச்சுழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் பெரியப்பா சென்ற ஆண்டு இதைத்தான் கேட்டார்கள். பத்தாண்டுக்கு மேல் உழைத்த பெட்டி அது. ஊராரின் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, பட்டா, சிட்டா என ஆயிரக்கணக்கான நகல்கள் அதில் பதிவாகியிருந்தன. பெட்டியைத் திறந்து கைபேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினார்கள். அப்படத்தை வைத்தே இக்கட்டுரையில் உறுப்புகளை இனம் காண்போம்.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்வோம். ரேம் என்னும் நினைவகப் பலகை, மின்சாரம் உள்ளவரை மட்டுமே செய்தியைத் தாங்கி நிற்கும், நிறுத்தினால் மறந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கும் எஸ்.எஸ்.டி.யும் மின்சாரம் இல்லாமலும் பல ஆண்டுகள் மறவாதவை. கோப்பை அழித்துவிட்டாலும், பெரும்பாலும் அதன் முகவரிதான் நீங்குமே தவிர, உள்ளே இருந்தது உடனே மறைந்துவிடாது. ஆகவே ரேம் பெட்டியோடு போகலாம், வட்டுகள் போகக்கூடாது. படத்தில் எது எது என்று தெரிந்தால்தான் இதைச் செய்ய முடியும்.

படத்தைப் பார்ப்போர் பலரும் திகைப்பது ஓர் இடத்தில்தான். கடையில் விற்கும் ரேம், கருப்புச் சில்லுகள் பதித்த அகன்ற பச்சைப் பலகையாக இருக்கும். அதே உருவத்தைப் படத்தில் தேடினால் கிடைக்காது. பெட்டிக்குள் தன் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பது மதர்போர்டு ஒன்றுதான். மற்றவை அதன்மேல் செங்குத்தாக நிற்பதால் அவற்றின் விளிம்பு மட்டுமே கோடாகத் தெரியும். சுவரில் மாட்டிய அலமாரியின் பலகைகளை நேர் எதிரே நின்று பார்த்தால் கோடுகளாகத் தெரிவதில்லையா? அதைப் போன்றதே இதுவும். எனவே முகத்தைத் தேடாமல் கோட்டைத் தேட வேண்டும்.

பெட்டியை நிமிர்த்தி வைத்து இடப்பக்கத்தில் எடுத்த படத்தில், பெட்டியின் பின்புறம் நமக்கு இடக்கைப் பக்கமாகவும், முன்புறம் வலக்கைப் பக்கமாகவும் அமையும். நடுவில் மின்விசிறி தெரியும். அதன் அடியில் இருப்பது பிராசசர். விசிறிக்கு வலப்புறம் மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட கோடுகளே ரேம் இருக்கும் இடம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளம். இரு முனைகளிலும் சிறு பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். கொக்கிகள் நிமிர்ந்து பிடித்திருந்தால் பலகை உள்ளது. வெளியே சாய்ந்து நடுவில் பள்ளம் தெரிந்தால் அது காலி இடம். பெரியப்பாவின் படத்தில் இரண்டு கோடுகள். ஒன்றில் பலகை இருந்தது, மற்றது காலி. அது டி.டி.ஆர்.2 வகையா, டி.டி.ஆர்.3 வகையா என்பதை விளிம்பைக் கொண்டு சொல்ல இயலாது. பலகையைக் கழற்றி, அதன் சீட்டையோ அடியில் உள்ள வெட்டின் இடத்தையோ பார்த்தால்தான் தெரியும்.

அடுத்து விரிவாக்க அட்டைகள். இவையும் கோடுகளே. ஆனால் ரேமின் கோடு மேலிருந்து கீழாகச் செல்ல, அட்டையின் கோடு பெட்டியின் பின்சுவரிலிருந்து குறுக்காக வரும். பெரும்பாலான பெட்டிகளில் இவ்விரண்டும் செங்கோணத்தில் இருப்பதால் குழப்பம் வராது. அட்டையின் ஒரு முனை, பின்சுவரில் திருகிய உலோகத் தகட்டில் முடியும். அத்தகட்டை வெளியிலிருந்து பார்த்தால் அட்டையின் வேலை புரியும். மானிட்டர் கம்பி செருகும் துளை இருந்தால் அது கிராபிக்ஸ் அட்டை. நெட்வொர்க் கம்பியின் சதுரத் துளை இருந்தால் நெட்வொர்க் அட்டை. வண்ண வண்ண வட்டத் துளைகள் இருந்தால் ஒலி அட்டை. எங்கள் படத்தில் இருந்தது ஒரு நெட்வொர்க் அட்டை. மதர்போர்டிலேயே அத்துளை இருந்தும் தனி அட்டை ஏன்? மின்னல் வெட்டிய ஒரு மழைநாளில் பழைய துளை பழுதாகிவிட்டதாகப் பெரியப்பா சொன்னார்கள். அதில் நகல்கள் எதுவும் இராது; பெட்டியோடு விட்டுவிடலாம்.

இனி வட்டுகளைக் காண்போம். படத்தின் வலக்கைப் பக்கம், மேல் மூலையில் 4 சென்டிமீட்டர் தடிமனில் முன்முகப்பு வரை நீண்டிருப்பது டி.வி.டி. டிரைவ். அதற்குக் கீழே உலோகக் கூண்டில் மெலிதாக இருப்பது ஹார்ட் டிஸ்க். அதன் நீளம் 14.7 சென்டிமீட்டர், தடிமன் 2.6 சென்டிமீட்டர், அதாவது நீளம் தடிமனைப்போல் ஏறத்தாழ 5½ மடங்கு. படத்தில் அளவுகோல் வைத்து அளந்தேன். நீளம் 56 மில்லிமீட்டர், தடிமன் 10 மில்லிமீட்டர். விகிதம் சரியாகப் பொருந்தியது. வட்டு கேமராவுக்கு அருகிலும் ரேம் தள்ளியும் இருப்பதால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு அளந்தால் தவறு வரும். ஒரே பொருளின் இரு பக்கங்களையே ஒப்பிட வேண்டும்.

இத்துடன் வேலை முடிந்தது என்றுதான் தோன்றியது. ஆனால் கம்பிகளை எண்ண வேண்டியிருந்தது. மதர்போர்டிலிருந்து வட்டுக்குச் செல்லும் சாட்டா கம்பி, விரல் அகலம்கூட இல்லாத தட்டையான நாடா. ஒரு நாடா ஒரு வட்டுக்கு மட்டுமே. படத்தில் மூன்று நாடாக்கள் புறப்பட்டன. ஒன்று டி.வி.டி.க்கு, ஒன்று ஹார்ட் டிஸ்க்குக்கு. மூன்றாவது எங்கே போயிற்று? டி.வி.டி.க்குக் கீழே இருளில் மறைந்தது. விளக்கடித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். உள்ளங்கை அளவில், 7 மில்லிமீட்டர் தடிமனில் ஓர் எஸ்.எஸ்.டி. அங்கே கிடந்தது. பெட்டி மெதுவாக ஓடுகிறதென்று பின்னாளில் கடைக்காரர் போட்டுக் கொடுத்தது அது. பெரியப்பாவுக்கு மறந்தே போயிருந்தது. விண்டோஸும், முகப்புத் திரையில் போட்டு வைத்த நகல்களும் இருந்தது அதில்தான்!

இக்கணக்கு இரண்டு இடங்களில் பொய்க்கும். மிகப் பழைய பெட்டியில் ஐ.டி.ஈ. என்னும் அகன்ற நாடா இருக்கும். அதன் ஒரே நாடாவில் இரண்டு வட்டுகளை இணைக்கலாம். புதிய பெட்டியிலோ எம்.2 என்னும் வட்டுக்கு நாடாவே கிடையாது. 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அது, மதர்போர்டின்மேல் படுத்து, ஒரு முனையில் சிறு திருகால் இறுகியிருக்கும். ரேம் என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. ரேம் நிற்கும், இது படுத்திருக்கும்.

நம் பக்கத்துக் கரிசல் புழுதியும், தறிக்கூடம் உள்ள தெருவானால் பஞ்சுத் தூசும் சேர்ந்து கோடுகளை மூடிவிடும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டிய பின்பே படம் எடுக்க வேண்டும். பின்புற மூலையில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கலாகாது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதனுள் சிறிது நேரம் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பெரியப்பா இரு வட்டுகளையும் கழற்றிப் பீரோவில் வைத்துக்கொண்டார்கள். ரேமும் நெட்வொர்க் அட்டையும் பெட்டியோடு எடைக்குப் போயின.