வாயில் அகப்படும் கிராம்பும் ஏலக்காயும்: எதற்குப் பயப்பட வேண்டும்?

பிரியாணியிலோ குஸ்காவிலோ முழு ஏலக்காய் பல்லில் கடிபட்டால் பலரும் முகம் சுளித்துத் தட்டின் ஓரத்தில் துப்புவார்கள். தெரியாமல் விழுங்கிவிட்டால் சிலருக்கு அன்று முழுக்க வயிற்றைப் பற்றிய கவலை. அதே ஆட்கள் சாப்பாடு முடிந்ததும் வாய் மணக்க ஒரு கிராம்பை எடுத்து மென்றுகொண்டே போவார்கள். முழுதாக மெல்லலாமா, விழுங்கலாமா என்ற கேள்விக்கு நம் வீடுகளில் தெளிவான பதில் இல்லாததே இந்த முரணுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமையலில் சேரும் அளவில் கிராம்பும் ஏலக்காயும் வளர்ந்தவர்களுக்குப் பாதுகாப்பானவை. மென்றாலும் சரி, தவறி விழுங்கினாலும் சரி. பயம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று சிறு குழந்தையின் மூச்சுக்குழாய், மற்றொன்று கிராம்பு எண்ணெய்ப் புட்டி. நாமோ இந்த இரண்டையும் விட்டுவிட்டு வயிற்றை நினைத்தே பயப்படுகிறோம்.

முதலில் அந்த வயிற்றுக் கவலையைப் பார்ப்போம். "ஏலக்காய்த் தோல் செரிக்காது, குடலை அடைத்துக்கொள்ளும்" என்பது அடிக்கடி காதில் விழும் எச்சரிக்கை. அதன் முதல் பாதி உண்மை. ஏலக்காயைப் பிரித்துப் பாருங்கள்: மூன்று பட்டையான தோல், உள்ளே மூன்று அறைகள், ஒவ்வொன்றிலும் மெல்லிய சவ்வு போர்த்திய கறுத்த விதைகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி வரிசையாக இருக்கும். மணமும் எண்ணெயும் அந்த விதைகளில்தான். தோல் வெறும் நார். நம் வயிறு அதைக் கரைக்காது, ஆனால் அடைத்தும் கொள்ளாது. கொத்தவரங்காய் நாரும் தக்காளித் தோலும் போகிற வழியில், ஓரிரு நாளில், அதுவும் வெளியேறிவிடும். சோற்றோடு வெந்த ஏலக்காய் நீரில் ஊறி மெத்தென்று ஆகியிருக்கும். தொண்டையில் குத்தும் முனை அதில் இல்லை. கிராம்பு கொஞ்சம் வேறு. அது மலராத மொட்டைக் காய வைத்தது. தலையில் உருண்டையான இதழ்க்கட்டு, அதைப் பிடித்தபடி நான்கு சிறு பற்கள், கீழே ஆணி போன்ற காம்பு. காய்ந்திருக்கும்போது அந்தப் பற்கள் கூராகவே இருக்கும். தாளித்து, தண்ணீரில் கொதித்து, தம்மில் இருந்து வரும்போது நகத்தால் அழுத்தினாலே நசுங்கும் அளவுக்கு மென்மையாகிவிடும். ஆகவே வெந்த கிராம்பை விழுங்கியவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அதே பாத்திரத்தில் உண்மையிலேயே எடுத்து ஓரம் வைக்க வேண்டியது பிரிஞ்சி இலை. எவ்வளவு வெந்தாலும் அதன் விறைப்பும் விளிம்பின் கூர்மையும் போவதில்லை. அது உணவுக்குழாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்டு, கருவி விட்டு எடுக்க வேண்டி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அடுத்தது, "கிராம்பில் விஷம் இருக்கிறதாமே" என்ற கேள்வி. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கிராம்பின் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை எண்ணெய். அந்த எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற பொருள். பல் மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் மூக்கைத் தொடும் வாசனையும், கிராம்பைக் கடித்தால் நாக்கு மரத்துப்போவதும் அதனால்தான். நல்ல கிராம்பு ஒன்றில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் யூஜினால் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் வரை ஒருவர் தினமும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 மில்லிகிராம், அதாவது ஒரு நாளைக்குப் பதினைந்து கிராம்பு. இனி பிரியாணிக்கு வருவோம். ஒரு கிலோ அரிசிக்கு எட்டுக் கிராம்பு போட்டு, எட்டுப் பேர் சாப்பிட்டால் தலைக்கு ஒன்று. அதிலும் ஒரு பகுதி எண்ணெய் கொதிக்கும்போதே ஆவியோடு போய்விடும். சமையலறை மணப்பது அதனால்தான். இந்த வரம்பு ஆயுள் முழுக்கத் தினமும் உண்பதற்காகத் தாராளமான பாதுகாப்பு இடைவெளி விட்டுப் போட்டது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு நாள் அதைத் தாண்டினால் உடனே நஞ்சாகிவிடும் என்று பொருளில்லை. ஏலக்காய்க்கு இந்தக் கணக்குகூடத் தேவையில்லை. பாயசத்திலும் தேநீரிலும் நாம் சேர்க்கும் அளவில் அதனால் நஞ்சுப் பிரச்சினை எழுவதில்லை.

அதே கணக்கை 10 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்குப் போட்டால் நிலைமை மாறுகிறது. வரம்பு 25 மில்லிகிராம், இரண்டரைக் கிராம்பு. கிராம்பு எண்ணெய் என்று வந்தால் கணக்கே தலைகீழாகிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 5 மில்லி, ஏறத்தாழ முந்நூறு நானூறு கிராம்பில் உள்ள சத்தைக் கொண்டது. 5 முதல் 10 மில்லி வரை கிராம்பு எண்ணெயைக் குடித்துவிட்ட இரண்டு வயதுக் குழந்தை நினைவிழந்து, வலிப்பு வந்து, கல்லீரல் பாதிக்கப்பட்டு, உயிர் போகும் நிலைக்குச் சென்றதை 1993-இல் ஒரு பிரிட்டிஷ் குழந்தை மருத்துவ இதழ் பதிவு செய்தது. முழுக் கிராம்பைத் தின்று யாருக்கும் இப்படி நேர்வது எளிதல்ல. நானூறு கிராம்பை எவராலும் மெல்ல முடியாது, நாக்கே மறுத்துவிடும். ஆனால் ஒரு மடக்கு எண்ணெய் ஒரு நொடியில் உள்ளே போய்விடும். பல்வலிக்கென்று வாங்கி, மூடி தளர்ந்தபடி அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கும் அந்தச் சிறு புட்டியை இன்றே உயரத்தில் ஏற்றி வையுங்கள். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும்; வாந்தி எடுக்க வைக்க முயலாமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். குழந்தை சாதாரணமாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது, கல்லீரல் பாதிப்பு தாமதித்துத்தான் வெளிப்படும்.

குழந்தைகளுக்கு இதைவிட அடிக்கடி நேரக்கூடிய ஆபத்து மூச்சுக்குழாயில் இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அரைத்து மெல்லும் கடைவாய்ப் பற்கள் முழுமையாக வந்திருக்காது, வந்திருந்தாலும் மெல்லும் பழக்கம் தேறியிருக்காது. சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிடும்போது கடினமான சிறு பொருள் மூச்சோடு உள்ளே இழுபடும். காய்ந்த கிராம்பும் ஏலக்காயும் அதற்கு ஏற்ற அளவு. இது நேர்ந்தால் எப்படித் தெரியும் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். சாப்பிடும்போது திடீரென்று கடும் இருமல் வரும், பிறகு அடங்கிவிடும். "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுவோம். சில நாளில் மார்பின் ஒரு பக்கத்தில் மட்டும் விசில் போன்ற சத்தம், விடாத இருமல், திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல். எக்ஸ்ரேயில் கிராம்பு தெரியாது, ஏனென்றால் தாவரப் பொருள் அதில் நிழல் விழாமல் போய்விடும். அதனால் "அன்று சாப்பிடும்போது இருமினான்" என்று மருத்துவரிடம் நீங்கள் சொல்லும் அந்த ஒரு வாக்கியம்தான் நோயைக் கண்டுபிடிக்க உதவும். மூச்சுத் திணறும்போது வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் ஆழமாகப் போகும். பலமாக இரும முடிகிற குழந்தையை இரும விடுங்கள்.

வளர்ந்தவர்களிலும் சிலருக்கு விதிவிலக்கு உண்டு. யூஜினால், இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் தன்மை கொண்டது. சாம்பாரிலோ பிரியாணியிலோ வரும் ஒன்றிரண்டு கிராம்பு இதில் கணக்கில்லை. ஆனால் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் ஒவ்வொரு வேளைக்கும் கிராம்பு மெல்லும் பழக்கம் உள்ளவராக இருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்; அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவரும் அப்படியே. பல்வலிக்குக் கிராம்பை ஈறில் மணிக்கணக்கில் அடக்கி வைப்பதும் சரியல்ல. மரத்துப்போன இடத்தில் எரிச்சல் தெரியாது, ஈறு வெந்துபோன பிறகுதான் தெரியும். வலி குறைவது சொத்தை ஆறியதால் அல்ல, நரம்பு மரத்ததால். விழுங்கச் சிரமப்படும் முதியவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் முழு வாசனைப் பொருள்களைத் தவிர்ப்பது நல்லது. அவர்கள் தொண்டையை ஒரு குழந்தையின் தொண்டையாகவே கருத வேண்டும்.

"நம் பாட்டிமார் குழந்தைகளுக்கும் இதையெல்லாம் கொடுத்தார்களே, யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கைமருந்துகள் எப்படிக் கொடுக்கப்பட்டன என்பதைக் கவனித்தால் பதில் கிடைத்துவிடும். உரைகல்லில் உரைத்தோ, சுட்டுப் பொடித்தோ, சர்க்கரையோடு இடித்துச் சலித்தோ, தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டியோ கொடுத்தார்கள். முழுதாகக் கையில் திணித்து மெல்லச் சொல்லவில்லை. வழக்கத்தை மேற்கோள் காட்டும்போது அதன் செய்முறையையும் சேர்த்தே காட்டுவதுதான் நேர்மை. அளவும் அன்று ஒரு உரைப்பு, இரண்டு உரைப்பு. இன்றைய அடர்ந்த எண்ணெய்ச் சொட்டுகளை அதே நம்பிக்கையில் குழந்தையின் வாயில் விடுவது வழக்கமும் அல்ல, மருத்துவமும் அல்ல.

ஆகவே நான் பரிந்துரைப்பது எளிய நடைமுறை. குழந்தைகள் சாப்பிடும் பிரியாணிக்குக் கிராம்பு, ஏலக்காய், பட்டை, பிரிஞ்சி இலை எல்லாவற்றையும் மெல்லிய வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டிப் போட்டு, இறக்கும்போது முடிச்சை எடுத்துவிடுங்கள். முடிச்சு கட்ட நேரமில்லையா, எத்தனை கிராம்பு போட்டீர்கள் என்று எண்ணிப் போடுங்கள், பரிமாறும்போது எண்ணி எடுத்துவிடலாம். பாயசத்துக்கு ஏலக்காய் விதையைச் சர்க்கரையோடு பொடித்துச் சேருங்கள். வாய் மணக்க மெல்ல விரும்புகிற பெரியவர்கள் ஏலக்காயைப் பிளந்து விதையை மென்று தோலைத் துப்பலாம். கிராம்பென்றால் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று போதும், மரத்துப்போகும் வரை ஒரே பக்கத்தில் அடக்காமல் நன்றாக மென்று விழுங்கலாம். காய்ந்த கிராம்பைத் தண்ணீர் இல்லாமல் முழுதாக விழுங்க வேண்டாம். நெஞ்சுக்குள் ஏதோ நிற்பதுபோல் இருந்து, எச்சில்கூட விழுங்க முடியாமல் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். இவை தவிர, பிரியாணியில் ஓர் ஏலக்காயை விழுங்கிவிட்டதற்காக எந்தப் பெரியவரும் ஒரு வேளைத் தூக்கத்தையும் இழக்க வேண்டியதில்லை.