பகுதியை நீக்கும்போது உள்ளே வரும் போலித் தீர்வு

இந்தச் சமன்பாட்டைப் பாருங்க:

x/(x − 2) + 1/(x − 4) = 2/(x² − 6x + 8)

உடனே பெருக்க ஆரம்பிக்காதீங்க. முதல்ல பகுதிகளை மட்டும் கவனிங்க. x² − 6x + 8 என்பது (x − 2)(x − 4). ஆக, x = 2 என்றாலும் x = 4 என்றாலும் ஏதோ ஒரு பகுதி பூஜ்ஜியமாகிவிடும். அதனால தாளின் ஓரத்தில் "x ≠ 2, x ≠ 4" என்று எழுதி வெச்சுக்குங்க.

இப்போ ஒவ்வொரு உறுப்பையும் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கான (x − 2)(x − 4) ஆல் பெருக்குங்க. பின்னங்கள் எல்லாம் போய்விடும்:

x(x − 4) + (x − 2) = 2
x² − 3x − 4 = 0
(x − 4)(x + 1) = 0

x = 4 அல்லது x = −1. கால்குலேட்டரின் EQN மோடில் 1, −3, −4 கொடுத்தாலும் இதே இரண்டுதான் வரும். அதுக்கு நாம கொடுத்த இருபடிச் சமன்பாடு மட்டும்தான் தெரியும். அது எதிலிருந்து வந்ததுன்னு தெரியாது. இரண்டையும் விடையா எழுதினா தப்பு. ஓரத்தில் எழுதினதைப் பாருங்க: 4 அங்கே இருக்கு. அது போலித் தீர்வு.

கணக்கில் எந்தப் பிழையும் இல்லையே, பிறகு 4 எப்படி வந்தது? 5 = 7 என்பது பொய். இரண்டு பக்கமும் 0 ஆல் பெருக்கினா 0 = 0, அது உண்மை. நாம பெருக்கிய (x − 2)(x − 4), x = 4 இல் பூஜ்ஜியம். அந்த ஒரு படியில்தான் 4 உள்ளே நுழைஞ்சது. பெருக்குவதால் உண்மையான தீர்வு எதுவும் தொலையாது. புதுசா ஒண்ணு சேரலாம். சேர்ந்தாலும், பெருக்கிய கோவை பூஜ்ஜியமாகும் இடத்தில் மட்டுமே சேரும். அதனாலதான் போலியைக் கண்டுபிடிக்க அந்த ஓரக் குறிப்பே போதும்.

x = −1 ஐ மூலச் சமன்பாட்டில் போடுங்க. இடப்பக்கம் 1/3 − 1/5 = 2/15. வலப்பக்கம் 2/(1 + 6 + 8) = 2/15. சரியா வருது.

இந்தச் சரிபார்ப்பு வேறொரு வேலைக்கும் உதவும். எந்தப் பகுதியும் பூஜ்ஜியமாகலை, ஆனா இரண்டு பக்கமும் சமமா வரலைன்னு வைங்க. அது போலித் தீர்வு இல்லை; நடுவில் எங்கேயோ குறி மாறியிருக்கு, அல்லது ஓர் உறுப்பைப் பெருக்காம விட்டிருக்கீங்க. "போலி"ன்னு அடிச்சுட்டுப் போகாம, அந்தப் படியைத் தேடுங்க.

"4 இல் வகுக்க முடியாது, சரி. ஆனா 4-க்கு மிக அருகில் இரண்டு பக்கமும் சமமாகிடுமோ?" என்று கேட்கலாம். எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்து சுருக்கினா (x + 1)/(x − 2) = 0 என்று வரும். 4-க்கு அருகில் இடப்பக்கத்தின் மதிப்பு 5/2-ஐ ஒட்டியே இருக்கும், பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆக, இந்தச் சமன்பாட்டுக்கு ஒரே தீர்வு x = −1.