பானை விற்ற கணக்கு

பொங்கலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே கிள்ளான் கடைத்தெருவில் மண்பானைகள் வந்து குவிந்துவிடும். பொங்கல் வருவதோ ஜனவரி நடுவில். ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-இல் முடிக்கும் கடைக்காரருக்கு இதனால் ஒரு சிக்கல் எழுகிறது.

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். டிசம்பரில் அக்கடைக்காரர் 600 பானைகளை, ஒன்று 8 ரிங்கிட் வீதம் வாங்குகிறார். லாரிக் கூலி 300 ரிங்கிட். ஆக மொத்தம் 5,100 ரிங்கிட். ஒரு பானையின் அடக்கவிலை 8 ரிங்கிட் 50 சென். அதனை அவர் 15 ரிங்கிட்டுக்கு விற்கிறார். டிசம்பரில் 200 பானைகளும் ஜனவரியில் 400 பானைகளும் விற்றுப்போகின்றன.

கையைவிட்டுப் போன பணத்தை மட்டும் பார்த்தால், டிசம்பரில் வரவு 3,000 ரிங்கிட், செலவு 5,100 ரிங்கிட். எனவே 2,100 ரிங்கிட் நட்டம். ஜனவரியிலோ செலவே இல்லாமல் 6,000 ரிங்கிட் இலாபம்! ஒரே பானை, ஒரே விலை. ஒரு மாதம் நட்டமும் மறு மாதம் கொள்ளை இலாபமும் எப்படி வந்தன?

கணக்கியலில் இதற்குத் தீர்வு தருவது பொருத்தக் கோட்பாடு. ஒரு வருமானத்தை ஈட்ட உதவிய செலவை, அவ்வருமானம் பதிவாகும் அதே காலத்தில் அதனோடு பொருத்திக் கழிக்க வேண்டும் என்பதே அக்கோட்பாடு. டிசம்பர் விற்பனைக்கு உதவியவை 200 பானைகள்தாம். அவற்றின் அடக்கவிலையான 1,700 ரிங்கிட்டை மட்டும் கழித்தால் இலாபம் 1,300 ரிங்கிட். எஞ்சிய 400 பானைகளின் 3,400 ரிங்கிட் இன்னும் செலவாகவில்லை. அது கையிருப்புச் சரக்காக, ஒரு சொத்தாக, அடுத்த ஆண்டுக்குச் செல்கிறது. ஜனவரியில் அது செலவாகும்போது இலாபம் 2,600 ரிங்கிட். இரு மாதங்களின் கூட்டுத்தொகை எவ்வழியிலும் 3,900 ரிங்கிட்தான். ஆனால், இப்போது பானைக்கு 6 ரிங்கிட் 50 சென் என்ற இலாபம் இரு மாதங்களிலும் ஒன்றாகவே தெரிகிறது.

பணம் பின்னால் கொடுக்கப்படும் செலவும் உண்டு. விற்ற ஒவ்வொரு பானைக்கும் 50 சென் தரகு என்று விற்பனையாளரிடம் பேசியிருந்தால், டிசம்பர் விற்பனைக்குரிய 100 ரிங்கிட்டை ஜனவரியில் கொடுத்தாலும் அது டிசம்பர் செலவே. கொடுக்க வேண்டிய கடனாக அதை ஆண்டிறுதியில் பதிய வேண்டும்.

எல்லாச் செலவையும் இப்படிப் பொருத்திவிட முடியுமா? முடியாது. கடை வாடகை எந்தப் பானையை விற்றுத் தந்தது என்று யார் சொல்ல முடியும்? ஆகவே, அது மாதக் கணக்கில் கழிக்கப்படுகிறது. டிசம்பரில் ஒலிபரப்பான வானொலி விளம்பரத்தின் பயன் ஜனவரி வரை நீடித்திருக்கலாம். எவ்வளவு என்று அளக்க இயலாததால் முழுவதும் டிசம்பர் செலவாகிவிடும்.

தவறு பெரும்பாலும் சரக்கை எண்ணும்போதுதான் நுழைகிறது. டிசம்பரில் 20 பானைகள் உடைந்திருந்தும் அவற்றை நல்ல பானைகளாக எண்ணிவிட்டால், 170 ரிங்கிட் நட்டம் அடுத்த ஆண்டின் தலையில் விழும். விலை மாறாதபோதும் பானைக்குரிய இலாபம் ஒரு மாதத்தில் உயர்ந்து மறு மாதத்தில் சரிந்தால், கணக்காய்வாளர் முதலில் கிடங்கைத்தான் திறந்து பார்ப்பார்.